ஏஜென்டிடம் கொடுத்த பிரீமியம்: கடிதம் எழுதுகிறவர்களுக்கு ஒரு மடல்

பாறசாலை, நெய்யாற்றின்கரை, களியக்காவிளை வட்டாரங்களில் ஆயுள் காப்பீட்டு நிறுவனக் கிளைகளில் அமர்ந்து பாலிசிதாரர்களுக்குக் கடிதம் எழுதும் தோழர்களுக்கு,

உங்களில் ஒருவர் எழுதிய கடிதம் ஒன்று என் கைக்கு வந்தது. காரக்கோணம் பக்கம் தையல் வேலை செய்யும் ஒரு அக்கா, ‘இதில் என்ன போட்டிருக்கிறது என்று சொல்லுங்கள்’ என்று கொண்டுவந்தார். நிறுவனத்தின் பெயரையும் கிளையின் பெயரையும் விட்டுவிடுகிறேன். அடையாளம் தெரியாதிருக்க நாட்களையும் தொகையையும் மாற்றியிருக்கிறேன். விஷயம் அப்படியே இருக்கிறது. கடிதம் இதுதான்:

‘தாங்கள் 20.01 அன்று முகவரிடம் செலுத்தியதாகத் தெரிவிக்கும் தொகை இந்நிறுவனத்தில் வரவு வைக்கப்படவில்லை. முகவரிடம் செலுத்தப்படும் தொகைகளுக்கு நிறுவனம் பொறுப்பேற்க இயலாது. மேற்படி பாலிசியை உரிய விதிமுறைகளின்படி முறைப்படுத்திக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்.’

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இதைக் கேட்டதும் அக்கா என்ன செய்தார் தெரியுமா? நேரே ஏஜென்ட் வீட்டுக்குப் போனார். அவர் தூரத்துச் சொந்தம். ‘அடுத்த வாரம் நானே கட்டிவிடுகிறேன் அக்கா, கவலைப்படாதீர்கள்’ என்றார். அக்காவும் நிம்மதியாகத் திரும்பிவிட்டார். கடிதம் அவரைத் தவறான வாசலுக்கு அனுப்பியது என்பதே என் குறை. அவர் போயிருக்க வேண்டியது உங்கள் கவுன்டருக்கு. அதுவும் அன்றைக்கே. அவருடைய பாலிசி அப்போது காலாவதியாகிக் கிடந்தது. அந்த ஒரு செய்தியைக் கடிதம் சொல்லவே இல்லை.

இந்தத் தாமதம் என்ன செய்யும் என்பதற்கு உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு வழக்கு இருக்கிறது. 1997-இல் தீர்ப்பான ஹர்ஷத் ஜே. ஷா எதிர் எல்.ஐ.சி. வழக்கு அது. உங்களில் பலர் பயிற்சி வகுப்பில் பெயரைக் கேட்டிருப்பீர்கள். அதன் தேதிகளை வரிசையாகப் பாருங்கள். 1986 மார்ச்சில் ஒருவர் தலா 25,000 ரூபாய்க்கு நான்கு பாலிசிகள் எடுக்கிறார். அரையாண்டுத் தவணை. 1987 மார்ச் 6-க்கான தவணையை அவர் கட்டவில்லை, சலுகைக் காலமும் முடிந்துவிடுகிறது. ஜூன் 4-ஆம் தேதியிட்டு 2,730 ரூபாய்க்கு ஏஜென்டிடம் ஒரு காசோலை கொடுக்கிறார். நிறுவனத்தின் பெயருக்கு எழுதாமல், கொண்டுபோகிறவர் யாரானாலும் பணமாக்கிக்கொள்ளக்கூடிய பேரர் காசோலையாகக் கொடுக்கிறார். மறுநாளே அது பணமாகிவிடுகிறது. ஆனால் எல்.ஐ.சி.க்குப் போகவில்லை. ஆகஸ்ட் 9-ஆம் தேதி பாலிசிதாரர் விபத்தில் இறக்கிறார். ஆகஸ்ட் 10-ஆம் தேதி ஏஜென்ட் பணத்தைக் கொண்டுபோய்க் கட்டுகிறார்.

பணம் ஏஜென்டின் கைக்கு வந்த நாளா, நிறுவனத்தின் கவுன்டருக்கு வந்த நாளா, எது கணக்கு என்பதுதான் கேள்வி. கவுன்டருக்கு வந்த நாள்தான் என்றது நீதிமன்றம். எல்.ஐ.சி.யின் முகவர் விதிகள் பிரீமியம் வசூலிக்கும் அதிகாரத்தை ஏஜென்டுக்குத் தரவில்லை. நியமனக் கடிதத்திலும் அது சொல்லப்பட்டிருக்கிறது. அதிகாரம் இல்லாதவரிடம் கொடுத்த பணம் நிறுவனத்துக்குக் கொடுத்த பணமாகாது. பாலிசிகள் காலாவதியானவையே என்று முடிந்தது. தீர்ப்பு கடுமையாகத் தோன்றலாம், ஆனால் உங்கள் கடிதத்தின் இரண்டாவது வாக்கியம் இதன் மேல்தான் நிற்கிறது. அதை அழித்துவிட்டு இனிப்பாக எழுதுங்கள் என்று நான் கேட்கவில்லை. அந்த உண்மையைச் சொல்லும்போது, அதனால் இன்று பாலிசிதாரர் செய்ய வேண்டியது என்ன என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

காரக்கோணத்து அக்காவின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 2021 அக்டோபர் 10-இல் தொடங்கிய பாலிசி, காலாண்டுத் தவணை 3,150 ரூபாய். நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஒழுங்காகக் கட்டியிருக்கிறார். இந்த ஆண்டு ஜனவரி 10-இல் வர வேண்டிய தவணையை ஜனவரி 20-இல் ஏஜென்டிடம் ரொக்கமாகக் கொடுக்கிறார். காலாண்டுத் தவணைக்கு முப்பது நாள் சலுகை உண்டு. ஆகவே கொடுத்த அன்று பாலிசி உயிரோடுதான் இருந்தது. அந்த 3,150 ரூபாய் அன்றே கவுன்டருக்குப் போயிருந்தால் ஒரு சிக்கலும் இல்லை. சலுகைக் காலம் முடிந்ததும் காலாவதி. ஏப்ரல் 10-க்கு இரண்டாவது தவணை விழுகிறது. ஏஜென்ட் வசூலுக்கு வரவில்லை, அக்காவும் கட்டவில்லை. உங்கள் கடிதத்தின் தேதி மே 20.

ஆக மே 20 அன்று அவருடைய நிலை இது. கட்டாத முதல் தவணை ஜனவரி 10. நிலுவை இரண்டு தவணை, 6,300 ரூபாய். அதன் மேல் நிறுவனம் அறிவித்த வீதத்தில் தாமத வட்டி. ஜூலை 10 வந்தால் மூன்றாவதும் சேரும். ஜூலை 10-க்கு இன்னொரு பொருளும் உண்டு. அது கட்டாத முதல் தவணையிலிருந்து ஆறு மாதம் முடியும் நாள். பல திட்டங்களில் ஆறு மாதத்துக்குள் வந்தால் புதுப்பிப்பு எளிது, அதைத் தாண்டினால் உடல்நல அறிக்கை, தேவைப்பட்டால் மருத்துவப் பரிசோதனை என்று படிகள் கூடுகின்றன. கட்டாத முதல் தவணையிலிருந்து ஐந்து ஆண்டு வரை புதுப்பிக்க இடம் இருக்கிறது என்பதை நீங்கள் அறிவீர்கள். ஆனால் ‘ஐந்து ஆண்டு’ என்பதைக் கடிதத்தின் தொடக்கத்தில் எழுதிவிடாதீர்கள். அதைப் படித்தவர் அவசரமில்லை என்று நினைத்துவிடுவார். இடையில் ஓடும் நாட்களில் அவருக்குக் காப்பு இல்லை அல்லது மிகக் குறைந்துபோயிருக்கிறது.

சில திட்டங்களில், மூன்று ஆண்டுப் பிரீமியமாவது முழுதாகக் கட்டியவர் ஆறு மாதத்துக்குள் இறந்தால் நிலுவையைக் கழித்துக்கொண்டு முழுத்தொகை தரும் சலுகை இருக்கிறது. இவருடைய பத்திரத்தில் அது உண்டா என்று பார்த்து, இருந்தால் மட்டும் எழுதுங்கள். எல்லோருக்கும் பொதுவாக எழுத வேண்டாம்.

இனிக் கடிதத்தை எழுதுவதற்கு முன்பாக ஒரு காரியம். ‘பிரீமியம் கட்டிவிட்டேன்’ என்று ஒருவர் சொன்னால் அதற்கு மூன்று வேறு பொருள் இருக்கலாம். எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் எந்தக் கடிதமும் எழுதக் கூடாது.

அவரிடம் ஏஜென்டின் கையெழுத்துச் சீட்டோ, டைரியில் போட்ட கோடோ, ஏஜென்டின் சொந்தப் போன் எண்ணுக்கு அனுப்பிய பணத்தின் பதிவோ மட்டும் இருந்தால், அது ஹர்ஷத் ஷா வழக்கின் வகை. ஆனால் நிறுவனமே வசூலிக்க அனுமதி கொடுத்து, கணினி ரசீது போடும் வசதியும் கொடுத்து வைத்திருக்கும் முகவர்களும் உண்டு. அப்படிப்பட்டவரிடம் கட்டி, பாலிசி எண்ணும் தவணைத் தேதியும் பரிவர்த்தனை எண்ணும் அச்சான ரசீதைக் காட்டினால், ‘பொறுப்பேற்க இயலாது’ என்று நீங்கள் எழுதவே முடியாது. அந்தப் பணத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது நிறுவனத்தின் வேலை. காப்பீட்டுச் சட்டம் 1938-இன் 64வி.பி. பிரிவும், நிறுவனத்துக்காகப் பிரீமியம் வசூலிக்கும் ஏஜென்ட் கமிஷனைக்கூடக் கழிக்காமல், வங்கி, அஞ்சல் விடுமுறை நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் அதைச் சேர்க்க வேண்டும் என்கிறது. ரசீது போலியா என்ற ஐயம் வந்தால், பரிவர்த்தனை எண்ணைத் திரையில் போட்டுப் பாருங்கள். ஒரு நிமிட வேலை. பாலிசிதாரரை அலையவிட வேண்டியதில்லை.

மூன்றாவது வகை, சம்பளத்தில் பிடித்தம். பள்ளியிலோ அரசு அலுவலகத்திலோ வேலை செய்கிறவர் ‘ஆபீசில் பிடிக்கிறார்கள்’ என்பார். முதலாளி பிடித்துவிட்டு நிறுவனத்துக்கு அனுப்பாமல் போன வழக்கில், 1999-இல் டெல்லி மின்வாரியம் எதிர் பசந்தி தேவி தீர்ப்பில், சம்பள சேமிப்புத் திட்டத்தின்கீழ் முதலாளியே எல்.ஐ.சி.யின் முகவராக நின்றார் என்று உச்ச நீதிமன்றம் கொண்டது. ஊழியருக்கு வெளித்தோற்றத்தில் தெரிந்தது அதுதான் என்பது காரணம். இறந்தவரின் குடும்பத்துக்கு எல்.ஐ.சி. பதில் சொல்ல வேண்டியதாயிற்று. ஹர்ஷத் ஷா கடிதத்தை இவருக்கு அனுப்பினால் தவறான சட்டத்தைச் சொல்லி ஒருவருடைய உரிமையைப் பறிக்கிறீர்கள்.

அக்காவிடம் இருந்தது கையெழுத்துச் சீட்டு. ஆகவே முதல் வகை. அவருக்கு நான் எழுதிப் பார்த்த கடிதம் இது. நீங்கள் தாராளமாக வெட்டலாம், திருத்தலாம்.

‘வணக்கம் அம்மா. உங்கள் பாலிசிக்கு ஜனவரி 10, ஏப்ரல் 10 ஆகிய இரண்டு தவணைகளும் எங்களுக்கு வந்து சேரவில்லை. அதனால் பாலிசி இப்போது நடப்பில் இல்லை.

ஜனவரி 20-இல் ஏஜென்டிடம் 3,150 ரூபாய் கொடுத்ததாகச் சொன்னீர்கள். பிரீமியம் வசூலிக்க அவருக்கு நாங்கள் அனுமதி கொடுக்கவில்லை. ஆகவே அந்தப் பணத்தைப் பாலிசிக்குக் கட்டியதாக எங்களால் எடுத்துக்கொள்ள முடியாது. அவர் இனிமேல் கொண்டுவந்து கட்டினாலும், கட்டிய நாளிலிருந்துதான் கணக்கு. ஜனவரி 20 என்று போட முடியாது.

பாலிசியை மீண்டும் நடப்புக்குக் கொண்டுவர இரண்டு தவணை 6,300 ரூபாயும் தாமத வட்டியும் கட்ட வேண்டும். வட்டி சேர்த்த மொத்தத் தொகை கீழே இருக்கிறது. ஜூன் 5 வரை அந்தத் தொகை போதும். பாலிசிப் பத்திரத்தையும் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு எங்கள் கவுன்டருக்கு வாருங்கள். உடல்நல அறிக்கை தேவைப்பட்டால் இங்கேயே படிவம் தருவோம். உங்கள் உடல்நிலையை உள்ளபடியே, நீங்களே சொல்லி நிரப்புங்கள்.

ஏஜென்ட் பணத்தைத் திருப்பித் தரும்வரை இதற்காகக் காத்திருக்க வேண்டாம். அது தனிப் புகார். பணம் கொடுத்த சீட்டின் நகலோடு ஒரு கடிதம் கொடுங்கள். பதிவு எண் தருகிறோம், அவரிடம் விளக்கம் கேட்கிறோம்.

பணம் கட்டியதும் அச்சிட்ட ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். பாலிசி புதுப்பிக்கப்பட்டதும் தனியாகத் தெரிவிப்போம். அந்தச் செய்தி பத்து நாளில் வராவிட்டால் இந்த எண்ணில் கூப்பிடுங்கள்.’

இரண்டு இடங்களில் உங்களில் சிலர் முகம் சுளிப்பீர்கள் என்று தெரியும். முதலாவது, ‘இனிமேல் கட்டினாலும் கட்டிய நாளிலிருந்துதான் கணக்கு’ என்ற வரி. ‘கேட்காததை ஏன் சொல்ல வேண்டும்?’ என்று மேலதிகாரி அதை அடித்துவிடுவார். ஆனால் அக்காவைக் காத்திருக்க வைத்தது ஏஜென்ட் கட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற எண்ணம்தான். அவர் ஜூலையில் கட்டினால் ஜனவரிப் பணம் ஜூலைப் பணமாகத்தான் ஏறும். அதற்குள் ஏதாவது நடந்தால் 1987 ஆகஸ்ட் 10-ஆம் தேதியின் கதைதான். இந்த ஒரு வரிக்காகவே கடிதத்தை மாற்றி எழுதலாம்.

இரண்டாவது, ‘ஏமாற்றிவிட்டார்’, ‘கையாடல்’ போன்ற சொற்கள் இதில் இல்லை. வேண்டுமென்றே விட்டேன். பணம் உங்களுக்கு வரவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஏன் வரவில்லை என்பது விசாரணைக்குப் பிறகுதான் தெரியும். எல்லை ஊர்களில் ஏஜென்ட் பெரும்பாலும் பாலிசிதாரரின் சொந்தக்காரர் அல்லது அதே சபையில், அதே தெருவில் இருப்பவர். நிறுவனக் கடிதத்தில் திருட்டுக் குற்றம் இருந்தால் பாலிசிதாரர் அதை யாரிடமும் காட்டவே தயங்குவார், புகாரும் கொடுக்கமாட்டார். அவராக விரும்பினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 316-ஆம் பிரிவில் நம்பிக்கை மோசடிக்குக் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம், சிவில் வழக்கும் போடலாம். நேரில் கேட்டால் சொல்லுங்கள். முதல் கடிதத்தில் வேண்டாம்.

புகாரை எளிதாக்குங்கள் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இதே ஏஜென்டிடம் இன்னும் எத்தனை பேர் ரொக்கம் கொடுத்திருக்கிறார்கள் என்று அக்காவுக்குத் தெரியாது. உங்களால் பார்க்க முடியும். அவருடைய முகவர் எண்ணில் உள்ள பாலிசிகளில், நீண்ட நாள் ஒழுங்காகக் கட்டிவிட்டுத் திடீரென்று நின்றுபோனவை நாலைந்து இருந்தால், அவர்களுக்கும் இந்தக் கடிதத்தின் முதல் பத்தி போக வேண்டும்.

உடல்நல அறிக்கையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், பாலிசிதாரருக்கு நிஜமான இழப்பு இங்கேதான். காப்பீட்டுச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு 2015-இல் திருத்தப்பட்ட பிறகு, பாலிசி மூன்று ஆண்டு ஓடிவிட்டால் எந்தக் காரணத்துக்காகவும் அதைக் கேள்வி கேட்க முடியாது. ஆனால் அந்த மூன்று ஆண்டு, புதுப்பித்த நாளிலிருந்தும் எண்ணப்படும். எது பிந்தியதோ அது. அக்காவின் பாலிசி 2021-இலிருந்து ஓடி அந்தப் பாதுகாப்பை அடைந்திருந்தது. ஏஜென்ட் 3,150 ரூபாயை வைத்துக்கொண்டதால், புதுப்பிக்கும் நாளிலிருந்து அந்தக் கடிகாரம் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. இந்த நேரத்தில் அதே ஏஜென்ட் பரிகாரம் செய்வதாக வந்து, ‘கையெழுத்து மட்டும் போடுங்கள், மீதியை நான் நிரப்பிக்கொள்கிறேன்’ என்று 680 எண் படிவத்தை நீட்டுவார். எல்.ஐ.சி.யில் புதுப்பிப்புக்கான உடல்நல அறிக்கை அதுதான். இடையில் வந்த சர்க்கரை நோயையோ இரத்த அழுத்தத்தையோ அவர் ‘இல்லை’ என்று எழுதிவிட்டால், இரண்டு வருடம் கழித்து நாமினியின் கோரிக்கை அதே படிவத்தால் மறுக்கப்படலாம். ஆகவேதான் ‘உள்ளபடியே, நீங்களே சொல்லி நிரப்புங்கள்’ என்று கடிதத்திலேயே போட்டேன். எழுத்து வராதவருக்கு நீங்கள் கேட்டு நிரப்பி, வாசித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள்.

‘தனியாகத் தெரிவிப்போம்’ என்ற வரியும் சும்மா இல்லை. நிலுவையைக் கட்டினால் மட்டும் பாலிசி உயிர் பெறாது. நிறுவனம் புதுப்பிப்பை ஏற்க வேண்டும். ரசீது வாங்கியவர் எல்லாம் முடிந்தது என்று போய்விடுவார். அறிக்கை முழுமையில்லை என்று தொகை வைப்புக் கணக்கில் கிடக்கும். அவருக்குத் தெரியவே தெரியாது.

ஒரே தவணையை இரண்டு முறை கட்டச் சொல்கிறோம் என்பதையும் மறக்காதீர்கள். தையல் கூலியில் 6,300 ரூபாயும் வட்டியும் உடனே புரட்டுவது எளிதல்ல. சரண்டர் மதிப்பு வந்துவிட்ட பாலிசிக்கு அதன் மேலேயே கடன் வைத்து நிலுவையை அடைக்கும் வழி எல்.ஐ.சி.யில் இருக்கிறது. நான்கு ஆண்டு ஓடிய பாலிசிக்கு அது பொருந்துமா என்று நீங்களே கணக்குப் போட்டு, பொருந்தினால் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அவராகக் கேட்கமாட்டார், அப்படி ஒன்று உண்டு என்பதே அவருக்குத் தெரியாது.

மொழி பற்றியும் சொல்லியாக வேண்டும். 1956-இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் தமிழ்நாட்டுப் பக்கம் போயின, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அதனால் இங்கே ஒரே வீட்டில் பாட்டி தமிழ் வாசிப்பார், பேரன் மலையாளம் மட்டும் வாசிப்பான், பேச்சில் இருவரும் தமிழ். கேரளத்தின் 1969 ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினர் வாழும் பகுதிகளில் அவர்கள் தமிழில் எழுதவும் தமிழிலேயே பதில் பெறவும் இடம் தருகிறது. அது மாநில அரசு அலுவலகங்களுக்கு. உங்களைக் கட்டாயப்படுத்தாது. ஆனாலும் பாலிசிதாரர் எந்த எழுத்தை வாசிப்பார் என்று ஒரு முறை கேட்டுக் கோப்பில் குறித்துவைத்தால் போதும். உங்கள் ஆங்கிலக் கடிதத்தை இந்தப் பக்கத்தில் பலருக்கு வாசித்துச் சொல்பவர் யார்? அந்த ஏஜென்ட்தான்.

கடைசியாக எல்லையால் வரும் குழப்பம் ஒன்று. பாறசாலையில் குடியிருப்பவரின் பாலிசி களியக்காவிளைக்கு அப்பால் மார்த்தாண்டம் பக்கத்துக் கிளையில் இருக்கும். புகாருக்குப் போனால் இந்தக் கிளை அந்தக் கிளையைக் காட்டும். எழுத்துப் புகாருக்கு ஒரு மாதத்தில் பதில் இல்லை அல்லது பதில் திருப்தியில்லை என்றால் காப்பீட்டு ஒம்புட்ஸ்மேனிடம் கட்டணமில்லாமல் போகலாம், நிறுவனம் மறுத்ததிலிருந்து ஓராண்டுக்குள். கிளை இருக்கும் இடத்தின் ஒம்புட்ஸ்மேனோ, புகார்தாரர் குடியிருக்கும் இடத்தின் ஒம்புட்ஸ்மேனோ இருவரில் ஒருவரை அணுகலாம் என்பது விதி. அப்படியானால் இவருக்குச் சென்னையும் சரி, கொச்சியும் சரி. ‘உங்கள் பாலிசி தமிழ்நாட்டில், இங்கே கேட்க முடியாது’ என்று சொல்லி யாரையும் பஸ் ஏற்றிவிடாதீர்கள். உங்கள் கடிதத்தின் அடியில் இரண்டு அலுவலகங்களின் முகவரியையும் போட்டுவிடுங்கள்.

அன்புடன்,
புதுப்பிப்புப் பிரிவில் பல காலம் இருந்து ஓய்வுபெற்ற ஒரு பாறசாலைக்காரன்